கடன் மறுப்புக் கடிதத்தின் மொழி: காரணமும் நிபந்தனையும் – மாதவரம் சிறுதொழில் விண்ணப்பம் ஒன்றை முன்வைத்து

முன்னுரை

வங்கிக் கடன் விண்ணப்பம் மறுக்கப்படும்போது அதற்குரிய காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது இந்திய ரிசர்வ் வங்கி வகுத்த நெறி. 2003 மே மாதம் வெளியான, கடன் வழங்குவோருக்கான நியாய நடைமுறை நெறிகள், ₹2 லட்சம் வரையிலான சிறு கடன்களுக்கு இக்கடமையை விதித்தன. 2007 மார்ச்சில் வெளியான சுற்றறிக்கை தொகை வரம்பை நீக்கி, எல்லாக் கடன்களுக்கும் இதனை உரியதாக்கியது. வங்கியல்லாத நிதி நிறுவனங்களுக்கான நெறிகள் இன்னும் ஒரு படி மேலே சென்று, கடன் பெறுவோருக்கு அனுப்பும் தகவல்கள் அவர்தம் வட்டார மொழியிலோ அவர்களுக்குப் புரியும் மொழியிலோ அமைய வேண்டும் என்கின்றன.

இவ்விதிகள் காரணத்தைக் கேட்கின்றன; காரணம் நீங்கும் வழியைக் கேட்பதில்லை. அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டின் சமக் கடன் வாய்ப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த ஒழுங்குமுறையும் இவ்வளவிலேயே நிற்கிறது. எனினும் அது ஓர் எல்லையைத் தெளிவாக வரைந்துள்ளது: 'நிறுவனத்தின் உள்விதிகளுக்குப் பொருந்தவில்லை' என்றோ 'தேவையான மதிப்பெண் கிடைக்கவில்லை' என்றோ எழுதினால் அது காரணம் கூறியதாகாது. தமிழில் எழுதப்படும் மறுப்புக் கடிதங்களில் இவ்விரண்டு தொடர்களின் சாயலே மிகுதி.

காரணத்தைப் புரிந்துகொள்ளாத விண்ணப்பதாரர் அடுத்து என்ன செய்கிறார் என்பதில்தான் இச்சிக்கலின் கனம் உள்ளது. அவர் அதே தாள்களை எடுத்துக்கொண்டு வேறு மூன்று வங்கிகளுக்குச் செல்கிறார். ஒவ்வொரு விண்ணப்பமும் அவருடைய கடன் தகவல் அறிக்கையில் ஒரு விசாரணைப் பதிவாக ஏறுகிறது. குறுகிய காலத்தில் பல விசாரணைகள் பதிவாவது மதிப்பெண்ணைக் குறைக்கும். இறுதியில் தண்டல்காரரிடம் நாள்தவணைக்குப் பணம் வாங்குகிறார். முதற்கடிதம் தெளிவாக இருந்திருப்பின் இவற்றுள் சில படிகளையேனும் தவிர்த்திருக்கலாம். அத்தகைய கடிதம் ஒன்றைத் தமிழில் எவ்வாறு திருத்தி எழுதுவது என்பதை இக்கட்டுரை ஒரு மாதிரியைக் கொண்டு விளக்குகிறது.

மாதிரி விண்ணப்பம்

வடசென்னைத் துறைமுகத்திற்கு வந்துபோகும் சரக்கு வாகனங்களைச் சார்ந்து மாதவரத்தில் பழுதுபார்ப்புப் பட்டறைகள் பல இயங்குகின்றன. வெல்டிங், டயர், பாடி கட்டுதல் எனப் பலவகைத் தொழில் அங்கு உண்டு. இத்தகைய சூழலில் வெல்டிங் பட்டறை நடத்தும் ஒருவரை ஆய்வுக்கென இங்குக் கற்பனையாக அமைத்துக்கொள்ளலாம். அவர் புதிய வெல்டிங் இயந்திரமும் கம்பிரசரும் வாங்க ₹6,00,000 கடன் கேட்கிறார். ஆண்டு வட்டி 12 விழுக்காடு. திருப்பிச் செலுத்தும் காலம் 5 ஆண்டு. வருமான வரிக் கணக்கில் அவர் காட்டியுள்ள ஆண்டு வருமானம் ₹3,60,000. சிறிய சரக்கு வேன் ஒன்றுக்கு மாதம் ₹7,800, இருசக்கர வாகனத்திற்கு ₹3,200 என ஏற்கெனவே இரண்டு தவணைகள் கட்டுகிறார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிரெடிட் கார்டில் ₹38,000 நிலுவை இருந்தபோது, அந்நிறுவனத்துடன் பேசி ₹22,000 செலுத்திக் கணக்கை முடித்துக்கொண்டார்.

கிளையில் இவ்விண்ணப்பத்தை ஆராய்ந்த அலுவலரின் குறிப்பில் ஐந்து செய்திகள் இடம்பெறுகின்றன: தவணைச் சுமை மிகுதி, கிரெடிட் கார்டுக் கணக்கின் நிலை, பட்டறை வாடகை ஒப்பந்தம் 11 மாதத்திற்கே உள்ளமை, இயந்திர விலைப்புள்ளியில் தேதி விடுபட்டமை, நடப்புக் கணக்கில் சராசரி இருப்பு குறைவு. இக்குறிப்பிலிருந்து பிறக்கும் கடிதம் பெரும்பாலும் பின்வருமாறு அமையும்:

"தாங்கள் சமர்ப்பித்த தொழிற்கடன் விண்ணப்பம் உரிய முறையில் பரிசீலிக்கப்பட்டது. திருப்பிச் செலுத்தும் திறன் போதுமானதாகக் காணப்படாமையாலும், கடன் தகவல் அறிக்கையில் தீர்வு செய்யப்பட்ட கணக்கு உள்ளமையாலும், வங்கியின் நடைமுறையிலுள்ள கடன் கொள்கைக்கு ஏற்புடையதாக அமையாமையாலும் தங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலாத நிலை உள்ளது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

இலக்கணப் பிழை ஏதும் இதில் இல்லை. விதி கேட்கும் காரணமும் இருப்பதுபோலவே தோன்றுகிறது. ஆயினும் இதைப் படிக்கும் பட்டறைக்காரருக்கு இரண்டு செய்திகளே எஞ்சும்: கடன் இல்லை, வங்கிக்கு வருத்தம்.

தொடரமைப்பில் மறையும் செய்தி

'காணப்படாமையால்', 'அமையாமையால்' என்பன எதிர்மறைத் தொழிற்பெயர்மேல் ஆல் உருபு ஏறியவை. இவ்வடிவத்தில் வினை பெயராகிவிடுவதால் காலமும் செய்தவரும் உதிர்ந்துபோகின்றன. திறன் போதாது எனக் கண்டவர் யார், எந்த அளவுகோலால் கண்டார், எவ்வளவு போதவில்லை என்ற மூன்று கேள்விகளுக்கும் தொடரில் இடமே இல்லை. தமிழில் முற்றுவினை இறுதியில் வருவதால், மூன்று காரணங்களையும் கடந்த பின்னரே முடிவு என்னவென்று தெரிகிறது. முடிவு தெரியாமல் படிக்கும்போது காரணம் காரணமாக மனத்தில் பதிவதில்லை. 'உம்' இடைச்சொல்லால் அடுக்கப்பட்டிருப்பதால் மூன்றும் ஒரே எடை கொண்டவை போலவும் தோன்றுகின்றன. மூன்றாவது காரணம் முதலிரண்டின் மறுகூற்றே அன்றித் தனிக் காரணம் அன்று என்பது படிப்பவருக்கு எட்டாது.

திருத்தத்தின் முதற்படி இதனால் மிக எளியது. முடிவைத் தனித் தொடராக முதலில் வைப்பது. காரணம் ஒவ்வொன்றையும் எழுவாயும் முற்றுவினையும் கொண்ட தொடராகப் பிரிப்பது. 'திறன் போதவில்லை' என்பதன் இடத்தில் கணக்கை எழுதுவது அடுத்த படி.

அக்கணக்கு இவ்வாறு அமைகிறது. விண்ணப்பதாரரின் மாத வருமானம் ₹30,000. எல்லாத் தவணைகளும் சேர்ந்து இதில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது இம்மாதிரியில் வங்கி கொண்டுள்ள வரம்பு (இவ்வரம்பு வங்கிக்கு வங்கி வேறுபடும், பெரிய தொழிற்கடன்களில் வேறு விகிதங்களைக் கொண்டு ஆராய்வர்). அதன்படி ₹15,000 வரை தவணை கட்டலாம். ஏற்கெனவே ₹11,000 போகிறது, எஞ்சுவது ₹4,000. கேட்ட கடனுக்கோ மாதத் தவணை ஏறத்தாழ ₹13,350 ஆகும். ₹4,000 தவணைக்கு இதே வட்டியில், இதே காலத்திற்கு ஏறத்தாழ ₹1,80,000 மட்டுமே கடனாகக் கிடைக்கும்.

'போதுமானதாகக் காணப்படாமை' என்ற சொல்லுக்குள் இவ்வளவும் அடங்கியிருந்தது. வெளியே எடுத்து வைத்தவுடன் மாற்றத்திற்கான வழியும் அதிலேயே தெரிகிறது. வேனுக்கான கடன் இன்னும் ஏழு மாதத்தில் முடிகிறது என்று கொண்டால், அதன்பின் தவணைக்கான இடம் ₹11,800 ஆக உயரும். அதற்கு ஏறத்தாழ ₹5,30,000 கடன் பொருந்தும். விண்ணப்பதாரர் வேறொன்றும் செய்யாவிடினும் காலமே இக்காரணத்தின் பெரும்பகுதியை நீக்கிவிடுகிறது. இதை அறியாதவர் அந்த ஏழு மாதத்தில் புதிதாக ஒரு கடன் வாங்கிவிட்டால், தானாகத் திறக்கவிருந்த வாயிலைத் தாமே அடைத்துக்கொள்கிறார்.

'செட்டில்' என்னும் சொல்

இரண்டாவது காரணத்தில் உள்ள சிக்கல் தொடரைப் பற்றியதன்று. ஒரு சொல்லைப் பற்றியது. கடன் தகவல் அறிக்கையில் 'செட்டில்டு' என்ற குறிப்பு, முழு நிலுவையையும் கட்ட இயலாதவர் நிறுவனத்துடன் பேசிக் குறைந்த தொகை கட்டி முடித்த கணக்கைச் சுட்டும். முழுதும் கட்டி முடித்த கணக்கு 'குளோஸ்டு' என்று குறிக்கப்படும். முன்னது குறை, பின்னது நிறைவு.

சென்னைப் பேச்சுத் தமிழில் 'செட்டில்' என்பதன் பொருள் இதற்கு நேர் எதிரானது. 'கடன எல்லாம் செட்டில் பண்ணிட்டேன்' என்று ஒருவர் சொன்னால் பாக்கியின்றிக் கட்டிவிட்டார் என்றே கேட்பவர் கொள்வர். மளிகைக் கடைக் கணக்கு முதல் வேலைக்காரரின் கடைசிச் சம்பளம் வரை இச்சொல் முழுமையையே குறிக்கிறது. ஆங்கிலச் சொல்லை விட்டுவிட்டுத் 'தீர்வு செய்யப்பட்டது' என்று எழுதினாலும் நிலைமை மாறாது. 'கடன் தீர்ந்தது' என்பதும் தமிழில் முழுமையின் சொல்லே. ஆகவே மேற்காட்டிய கடிதத்தைப் படிக்கும் பட்டறைக்காரர், 'பழைய கடனைத் தீர்த்ததற்காகப் புதிய கடன் மறுக்கப்பட்டுள்ளது' என்று பொருள் கொள்கிறார். அவருடைய மொழியறிவில் குறையில்லை. அவர் தமிழைச் சரியாகவே படித்திருக்கிறார். வங்கி தவறு செய்துவிட்டது அல்லது சாக்குச் சொல்கிறது என்ற முடிவுக்கு அவர் வருவது இயல்பே.

கலைச்சொல்லாக்கத்தில் சொல்லுக்குச் சொல் நிகர் தேடும் முறை இங்குப் பயன்படாது. 'குறைத்துக் கட்டி முடித்த கணக்கு' என்ற விளக்கத்தொடரே பொருளைக் காக்கிறது. அத்துடன் அறிக்கையில் அச்சாகும் 'செட்டில்டு' என்ற சொல்லையும் தமிழெழுத்தில் தருவது நல்லது. நாளை அவர் அறிக்கையைக் கையில் வாங்கும்போது எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும்.

'சிபில் சரியில்லை' என்று வாய்மொழியில் சொல்லி அனுப்புவதும் இதையொத்த குழப்பத்தைத் தருகிறது. சிபில் என்பது இந்தியாவில் இயங்கும் நான்கு கடன் தகவல் நிறுவனங்களுள் ஒன்றின் பெயர். அது தகவலைத் தொகுத்துத் தருகிறதே தவிர, கடனை மறுப்பதில்லை. மறுப்பது வங்கி. எந்த நிறுவனத்தின் அறிக்கை பார்க்கப்பட்டது என்பதைக் கடிதம் பெயர் சுட்டிச் சொல்ல வேண்டும். 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம், வங்கி பெற்ற அறிக்கையின் படியைக் கேட்டுப் பெற விண்ணப்பதாரருக்கு உரிமை தருகிறது. தவிர, ஒவ்வொரு நிறுவனத்திடமிருந்தும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை எவரும் கட்டணமின்றிப் பெறலாம்.

எக்காரணங்களை எழுதுவது

அலுவலர் குறிப்பில் இருந்த ஐந்தையும் எழுதிவிடுவது நேர்மையெனத் தோன்றலாம். அது நேர்மையாகாது. விலைப்புள்ளியில் தேதி இல்லாதது ஒரு நாளில் சரிசெய்யக்கூடிய குறை. அதற்காக எந்த வங்கியும் கடனை மறுப்பதில்லை. அதையும் பட்டியலில் சேர்த்தால் விண்ணப்பதாரர் எளிதில் செய்யத்தக்க அதையே முதலில் செய்துவிட்டு, தடை நீங்கியது என்று திரும்பி வருவார். ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு கேள்வி கேட்டால் போதும்: ஏனையவை அனைத்தும் சரியாக இருந்து, இஃது ஒன்று மட்டும் எஞ்சியிருந்தாலும் விண்ணப்பம் மறுக்கப்பட்டிருக்குமா? இம்மாதிரியில் தவணைச் சுமைக்கும் கிரெடிட் கார்டுக் கணக்குக்கும் விடை 'ஆம்'. வாடகை ஒப்பந்தம், இருப்பு, விலைப்புள்ளி ஆகியவற்றுக்கு 'இல்லை'. முதலிரண்டே காரணங்கள். மற்றவற்றை, மீண்டும் விண்ணப்பிக்கும்போது இணைக்க வேண்டிய தாள்கள் என்ற அளவில் ஒரு வரியில் சொல்லலாம். அமெரிக்க ஒழுங்குமுறையின் விளக்கவுரையும் நான்குக்கு மேற்பட்ட காரணங்கள் விண்ணப்பதாரருக்குப் பயன்படா என்றே கருதுகிறது.

நிபந்தனையின் இலக்கணம்

என்ன செய்தால் முடிவு மாறக்கூடும் என்பதை எழுதத் தொடங்கியதும் வங்கி அலுவலர் தயங்குகிறார். அத்தயக்கத்திற்கு நியாயம் உண்டு. 'எஞ்சிய ₹16,000-ஐச் செலுத்தினால் கடன் வழங்கப்படும்' என்று எழுதினால் அது வாக்குறுதி. ஏழு மாதத்தில் வட்டியோ வருமானமோ வேறு கடனோ மாறியிருக்கக்கூடும். வங்கி அவ்வாக்கைக் காக்க இயலாது போகலாம். இதற்கு அஞ்சியே கடிதங்கள் வழியைச் சொல்லாமல் விடுகின்றன.

ஆனால் தமிழின் வினையமைப்பிலேயே இதற்குத் தீர்வு உள்ளது. '-ஆல்' ஈற்று நிபந்தனை எச்சம் எதிர்கால முற்றோடு சேரும்போது, நிபந்தனை நிறைவேறினால் விளைவு உறுதி என்ற பொருளைத் தருகிறது. 'செலுத்திய பின்னரே' என்பதில் வரும் ஏகாரமோ பிரிநிலை. தொல்காப்பியம் இடையியலில் ஏகாரத்திற்குக் கூறப்படும் ஐந்து பொருள்களுள் இதுவும் ஒன்று. அது நிபந்தனை இன்றியமையாதது என்பதை மட்டும் சொல்கிறது. அதுவொன்றே போதும் என்று சொல்வதில்லை. ஆகவே '-ஆல்' எச்சத்தை வங்கி உறுதியாகச் செய்யக்கூடிய செயலுக்கு மட்டும் ஆள வேண்டும். 'சான்றைக் கொண்டுவந்தால் விண்ணப்பத்தை மீண்டும் ஆராய்வோம்' என்பது வங்கியால் காக்கத்தக்க வாக்கு. 'இதை முடித்த பின்னரே கடன் பற்றி முடிவெடுக்க இயலும்' என்பது தேவையைக் கூறும் தொடர். இரண்டையும் வேறுபடுத்தி எழுதினால் மறைக்க வேண்டியது ஒன்றுமில்லை. 'கிடைக்கலாம்' என்ற ஐயவினையை மட்டும் நம்பி எழுதுவது பாதுகாப்பன்று. நம்பிக்கையோடு படிப்பவர் அதனைக் 'கிடைக்கும்' என்றே வாசிப்பர்.

திருத்திய கடிதம்

இவற்றைக் கொண்டு எழுதப்படும் கடிதம் பின்வருமாறு அமையலாம்:

"ஐயா,

தாங்கள் கேட்ட ₹6,00,000 தொழிற்கடனை இப்போது எங்களால் வழங்க இயலவில்லை. அதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன.

முதலாவது, மாதத் தவணைச் சுமை. வரிக் கணக்கின்படி தங்கள் மாத வருமானம் ₹30,000. எல்லாத் தவணைகளும் சேர்ந்து ₹15,000-ஐத் தாண்டக்கூடாது என்பது எங்கள் வரம்பு. தாங்கள் ஏற்கெனவே ₹11,000 கட்டுகிறீர்கள். இக்கடனுக்கு மேலும் ₹13,350 கட்ட வேண்டியிருக்கும். வேன் கடன் ஏழு மாதத்தில் முடிந்தபின் இச்சுமை குறையும். இன்றுள்ள வட்டிப்படி அப்போது ஏறத்தாழ ₹5,30,000 வரையிலான கடன் இவ்வரம்புக்குள் அடங்கும். அதுவரை புதிய கடன் எடுத்தால் இத்தொகை குறையும்.

இரண்டாவது, பழைய கிரெடிட் கார்டுக் கணக்கு. ₹38,000 நிலுவையில் ₹22,000 கட்டி அதனைக் குறைத்து முடித்துள்ளீர்கள். கடன் தகவல் அறிக்கையில் அது 'செட்டில்டு' என்று உள்ளது; முழுதும் கட்டியதாகக் கொள்ளப்படாது. எஞ்சிய தொகை எவ்வளவு என்று அந்நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுச் செலுத்தி, நிலுவை இல்லை என்ற சான்றைப் பெறவும். அறிக்கையில் அக்கணக்கின் நிலை மாறிய பின்னரே எங்களால் புதிய விண்ணப்பத்தில் முடிவெடுக்க இயலும்.

இவ்விரண்டும் முடிந்து தாங்கள் விண்ணப்பித்தால் நாங்கள் மீண்டும் ஆராய்வோம். கடன் கிடைக்கும் என்பதற்கு இக்கடிதம் உறுதியாகாது. அறிக்கையில் உள்ள விவரம் தவறெனத் தாங்கள் கருதினால், அதன் படியை எங்களிடம் கேட்டுப் பெறலாம்."

கடிதம் நீண்டுவிட்டது என்பது உண்மை. நீளத்தைக் குறைக்க வேண்டுமாயின் மரியாதைத் தொடர்களையும் வருத்தத்தையும் குறைக்கலாம், எண்களைக் குறைக்கலாகாது.

கடிதத்தின் எல்லைகள்

இக்கடிதம் தீர்க்க முடியாதவையும் உண்டு. பழைய கிரெடிட் கார்டு நிறுவனம் அக்கடனை வேறொரு நிறுவனத்திற்கு விற்றிருக்கலாம்; அப்போது எஞ்சிய தொகையை யாரிடம் கட்டுவது என்பதே அலைச்சலாகும். பணம் கட்டிய பின்னும் அறிக்கையில் நிலை மாறாதிருக்கலாம். அது குறித்துப் புகார் அளித்து 30 நாட்களுக்குள் தீர்வு கிட்டாவிடில், நாளொன்றுக்கு ₹100 இழப்பீடு தரவேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. நிலை மாறினாலும் பழைய தவணைத் தவறுகளின் வரலாறு உடனே மறைவதில்லை.

மாதவரம் போன்ற இடங்களில் இன்னொரு சிக்கலும் எழும். லாரி உரிமையாளர்கள் பட்டறைக்குத் தருவது பெரிதும் ரொக்கம். ஆகவே வரிக் கணக்கில் ₹30,000 என்றுள்ளவரின் மெய்யான வருமானம் அதனினும் கூடுதலாக இருக்கக்கூடும். 'வருமானத்தைக் கூட்டிக் காட்டவும்' என்று கடிதம் எழுதினால் அது பொய்க் கணக்குக்கு அழைப்பாகும். 'வரவு வங்கிக் கணக்கின் வழியே வந்து, அடுத்த ஆண்டின் வரிக் கணக்கிலும் இடம்பெற்றால் அதனை வருமானமாகக் கொள்வோம்' என்பதே எழுதத்தக்கது. இதற்கு ஓராண்டு ஆகும், வரியும் கூடும். இவ்விலையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மறுப்பு முடிவையே எதிர்த்துக் குறைதீர்ப்பாளரிடம் செல்வதும் எளிதன்று. ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டம், வங்கியின் வணிக முடிவுகளைத் தன் வரம்புக்கு வெளியே வைத்துள்ளது. விண்ணப்பதாரரின் கையில் எஞ்சுவது பெரும்பாலும் கடிதத்தில் உள்ள காரணமே.

புரிதலை அறியும் முறை

திருத்திய கடிதம் பயன்பட்டதா என்பதைப் 'புரிந்ததா' என்று கேட்டு அறிய முடியாது. வங்கி மேசையின் எதிரே அமர்ந்திருப்பவர் அக்கேள்விக்குப் 'புரிந்தது சார்' என்றே விடை தருவார். கடிதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு மூன்று செய்திகளை அவர் வாயாற் சொல்லக் கேட்பது தகும். இதே தாள்களோடு நாளை வேறு வங்கிக்குப் போனால் என்ன ஆகும்? பழைய கார்டுக் கணக்கில் மீதி உள்ளதா? ஏழு மாதம் கழித்து ₹16,000-ஐயும் கட்டிவிட்டு வந்தால் கடன் உறுதியா? முதல் வினாவுக்கு 'அந்த வங்கி கொடுக்கலாம்' என்று மட்டும் விடை வந்தால் தவணைக் கணக்கு மனத்தில் ஏறவில்லை. இரண்டாவதற்கு 'அதான் செட்டில் பண்ணிட்டேனே' என்று வந்தால் விளக்கத்தொடர் தோற்றுவிட்டது. மூன்றாவதற்கு 'கிடைச்சிடும்' என்று வந்தால், பிழை நிபந்தனைத் தொடரில் உள்ளது. அத்தொடரை மீண்டும் எழுத வேண்டும்.